பச்சை முகத்து இராவணன்

கடந்த தவணையில் ஒருநாள் எங்கள் நாடகமும் அரங்கியலும் பாட ஆசிரியை பெரிய வண்ணப்படம் ஒன்றைக் கொண்டுவந்து கரும்பலகையில் ஒட்டினார். கதகளி வேடம் பூண்ட ஒருவரின் முகம் அதில் இருந்தது. "இது ஆர் எண்டு சொல்லுங்கோ பிள்ளையள்" என்றார்.

முகம் பச்சையாக இருந்தது. தலையில் பெரிய வட்டத் தட்டோடு கூடிய பொன்னிறக் கிரீடம். கதகளியில் பச்சை முகம் நல்லவர்களுக்கு உரியது என்று நான் எங்கோ வாசித்திருந்தேன். ஆகவே மற்றவர்களை முந்திக்கொண்டு, "இராமன், டீச்சர்" என்றேன்.

"இன்னொருக்கா வடிவாப் பாருங்கோ. மூக்கைப் பாருங்கோ" என்றார் ஆசிரியை.

மூக்கின் நுனியில் வெள்ளை உருண்டை ஒன்று இருந்தது. புருவங்களுக்கு நடுவே, நெற்றியிலும் அதுபோல் ஒன்று. கன்னங்களில் பச்சைக்குள் சிவப்பு மேல்நோக்கி வளைந்து கிடந்தது. எனக்கு அதன் பொருள் தெரியவில்லை. "அது இராவணன்" என்று ஆசிரியை சொன்னதும் வகுப்பே சிரித்துவிட்டது.

வெட்கம் ஒருபுறம் இருக்க, எனக்கு வேறொரு கேள்வி எழுந்தது. இராவணனுக்கு எதற்காக இராமனின் பச்சையைப் பூசினார்கள்? அதற்கு விடை தேடியபோதுதான் ஒரு வேடத்தை எப்படி வாசிப்பது என்பதை ஓரளவுக்கு அறிந்துகொண்டேன். அதையே இங்கு எழுதுகிறேன்.

காது சொல்வதும் கண் சொல்வதும்

கூத்து விடிய விடிய நடப்பது. மின்சாரம் இல்லாத காலத்தில் தீப்பந்த ஒளியிலும், பின்னர் பெற்றோல்மாக்ஸ் வெளிச்சத்திலும் ஆடினார்கள். கடைசி வரிசையில் பாய் விரித்து அமர்ந்திருப்பவருக்கு ஆடுபவரின் கண்ணும் வாயும் தெரியாது. நடுச்சாமத்தில் தூங்கி எழுந்த பிள்ளைக்குக் கதை எங்கே நிற்கிறது என்பதும் தெரியாது. அப்படிப்பட்டவர்களுக்கும் களரிக்குள் வந்தவர் அரசனா, தூதனா, அரக்கனா என்பது பார்த்தவுடன் விளங்க வேண்டும். அதற்காகத்தான் கிரீடமும் உடுப்பும் முகவர்ணமும்.

ஆனால் எல்லா அரங்குகளும் இந்த வேலையை ஒரே மாதிரியாகச் செய்வதில்லை. நம்முடைய கூத்தில் அரசன் வருமுன் கட்டியகாரன் வந்து, இன்ன அரசர் கொலுவுக்கு வருகிறார் என்று அறிவித்துவிடுவான். அரசனும் வந்தவுடன் தன் பெயரையும் பெருமையையும் தானே பாடுவான். ஆகவே ஆளின் பெயர் காதால் தெரிந்துவிடும். கண்ணுக்கு மிஞ்சியிருப்பது அவருடைய தகுதியை அறிவது மட்டுந்தான்.

கேரளத்துக் கதகளியில் நடிகர் வாய் திறந்து பேசுவதோ பாடுவதோ இல்லை. பின்னால் நிற்கும் பாடகர்கள் பாட, நடிகர் கைமுத்திரையாலும் கண்ணாலும் முகத்தாலும் மட்டுமே எல்லாவற்றையும் சொல்ல வேண்டும். அதனால் அங்கே முகமே ஒரு எழுத்துப் பலகை போல ஆகிவிட்டது. நம் கூத்தில் தலையையும் உடுப்பையும் பார்த்தால் போதும். கதகளியில் முகத்தையும் வாசிக்கத் தெரிய வேண்டும். இந்த வேறுபாட்டை மனதில் வைத்துக்கொண்டால் மற்றவை எளிதாகப் புரியும்.

நம் கூத்தில் முதலில் தலையைப் பாருங்கள்

ஈழத்துக் கூத்தில் வடமோடி, தென்மோடி என்று இரண்டு மோடிகள் உண்டு. யாழ்ப்பாணத்தில் வட்டுக்கோட்டைப் பகுதியில் வடமோடி ஆடப்பட்டு வந்திருக்கிறது. குருநகர், பாஷையூர் போன்ற கரையோரக் கத்தோலிக்க ஊர்களில் தென்மோடி மரபு இருக்கிறது. மட்டக்களப்பில் இரண்டுமே செழிப்பாக உள்ளன.

வடமோடி பெரும்பாலும் பாரதம், இராமாயணம் போன்ற போர்க்கதைகளை எடுத்துக்கொள்வது. அதன் ஆட்டம் வேகமும் வீரமும் கொண்டது. அதற்கேற்ப வேடமும் கனமானது. அரசனின் இடுப்பைச் சுற்றிக் கரப்புடுப்பு இருக்கும். கோழிக்குஞ்சுகளை மூடிவைக்கும் கரப்பைப் பார்த்திருப்பீர்கள். அதுபோல வளையங்களால் விரித்து, அதன்மேல் துணியைப் போர்த்தியதால்தான் அந்தப் பெயர். ஆடுபவர் சுழலும்போது இந்த உடுப்பும் விரிந்து சுழலும். ஒல்லியான மனிதரும் பெரிய உருவமாகத் தெரிவார். தலையில் பாரமான கிரீடம், தோள்களில் புயக்கிரீடம், மார்பில் பதக்கம். கண்ணாடித் துண்டுகள் பதித்திருப்பதால் பந்த வெளிச்சம் பட்டு மின்னும்.

தென்மோடியில் காதற்கதைகளும் கற்பனைக் கதைகளும் அதிகம். அதன் தாளக்கட்டும் கால் அசைவும் நுணுக்கமானவை. நுணுக்கமாகக் கால் வைக்க வேண்டியவருக்குக் கரப்புடுப்பு தடையாகிவிடும். எனவே உடுப்பு இலேசானது. தலையில் இருப்பதும் பாரம் குறைந்த முடி. கையில் இருப்பதையும் கவனிக்கலாம். வில்லும் அம்பும் தண்டாயுதமும் என்றால் அது பெரும்பாலும் வடமோடி. வாளும் கட்டாரியும் என்றால் தென்மோடி.

இவ்வளவையும் பார்த்தால் எந்த மோடி, வந்திருப்பவர் அரசரா, ஏவலாளா என்று சொல்லிவிடலாம். ஆனால் அரசர்கள் இருவர் எதிரெதிரே நிற்கும்போது துணியின் நிறத்தை வைத்து யார் தருமர், யார் துரியோதனன் என்று சொல்ல முயன்றால் ஏமாந்துபோவோம். அதைப் பாட்டுத்தான் சொல்லும்.

கிரீடம் இருப்பது மட்டுமன்றி, இல்லாமற் போவதும் ஓர் அடையாளமே. இதற்கு நம் ஊரில் எல்லோரும் அறிந்த உதாரணம் அரிச்சந்திரா இசைநாடகத்தின் மயானகாண்டம். காங்கேசன்துறையைச் சேர்ந்த நடிகமணி வி. வி. வைரமுத்து அதில் நடித்துப் புகழ்பெற்றவர். நாட்டை ஆண்ட அரிச்சந்திரன் சுடலைக் காவலாளியாக வருகிறான். கிரீடம் இல்லை, பட்டு இல்லை, நகை இல்லை. கையில் ஒரு தடி. ஆள் அதே ஆள். ஆனால் அவன் எதையெல்லாம் இழந்தான் என்பதை ஒரு சொல்லும் இல்லாமல் அந்த வெறுந்தலை சொல்லிவிடுகிறது. நாடகத்தின் தொடக்கத்தில் அவன் தலையில் கிரீடத்தைப் பார்த்தவருக்குத்தான் அந்த வெறுந்தலையின் பாரம் தெரியும்.

கதகளியின் ஐந்து முகங்கள்

இனி முகத்துக்கு வருவோம். கதகளி வேடங்களின் பெயர்கள் நமக்கு மொழிபெயர்ப்பே தேவைப்படாதவை. பச்சை, கத்தி, தாடி, கரி, மினுக்கு. இவை ஐந்தும்தான் முக்கியமானவை.

பச்சை என்பது முகம் முழுவதும் பச்சை பூசிய வேடம். தருமர், அருச்சுனன், நளன் போன்ற உயர்குணமுள்ள அரசர்களுக்கு உரியது. தலையில் வட்டத் தட்டோடு கூடிய கிரீடம். கண்ணனுக்கும் முகம் பச்சைதான். ஆனால் அவன் தலையில் இந்தக் கிரீடம் இராது. கூம்பி உயர்ந்து, உச்சியில் மயிற்பீலி வைத்த 'முடி' இருக்கும். உடுப்பிலும் கண்ணன் வேறுபடுவான். மற்ற அரசர்களுக்கு மேற்சட்டை சிவப்பு, கீழே வெள்ளைப் பாவாடை. கண்ணனுக்கு மேற்சட்டை கருநீலம், பாவாடை மஞ்சள். ஆகவே பச்சை முகம், முடி, மஞ்சள் பாவாடை மூன்றும் சேர்ந்தால் அது கண்ணன் என்று துணிந்து சொல்லலாம். இராமனுக்கும் பெரும்பாலும் இந்த முடியே வைக்கப்படும். என்னுடைய முதற்பிழை இங்கேதான் நடந்தது. முகத்தின் நிறத்தைப் பார்த்த நான் தலையில் இருப்பது கிரீடமா, முடியா என்று பார்க்கவில்லை.

தாடியில் மூன்று வகை. சிவப்புத் தாடி மூர்க்கமானவர்களுக்கு. துச்சாதனன் இதில் வருவான். அவனுடைய கிரீடம் மற்ற எல்லாவற்றையும்விடப் பெரியது. அதைப் பார்த்தாலே பயம் வரும். வெள்ளைத் தாடி அனுமனுக்கு. வெள்ளை மயிர்ச் சட்டையும், விளிம்பு விரிந்த தொப்பி போன்ற முடியும் அவனைக் காட்டிக்கொடுக்கும். கறுப்புத் தாடி காட்டில் வாழும் வேடனுக்கு.

கரி என்றால் முகமும் உடுப்பும் கறுப்பு. இது அரக்கியருக்கு. மினுக்கு என்பது மஞ்சளும் செம்மையும் கலந்த மென்மையான பூச்சு. இது பெண்களுக்கும் முனிவர்களுக்கும் அந்தணர்களுக்கும் உரியது. இவர்களுக்குப் பெரிய கிரீடம் இல்லை. பெண் பாத்திரம் தலையைத் துணியால் மூடியிருக்கும்.

எஞ்சியிருப்பது கத்தி. என்னை ஏமாற்றிய வேடம் அதுதான்.

இராவணனை வாசித்தல்

எங்கள் வகுப்பில் ஒட்டியிருந்த அந்தப் படத்தை இப்போது மீண்டும் பார்ப்போம்.

முதலில் கிரீடம். வட்டத் தட்டோடு கூடிய அரச கிரீடம். பச்சை வேடத்து அரசர்களுக்கு வைப்பதும் இதுவே. எனவே இவன் அரசன். தாழ்ந்த பதவியில் உள்ளவன் அல்லன். மேற்சட்டையும் அவர்களுக்குப் போலவே சிவப்பு.

இரண்டாவது முகத்தின் அடிநிறம். அது பச்சை. உயர்ந்த பிறப்பும் கல்வியும் வீரமும் உடையவன் என்பதை அது சொல்கிறது.

மூன்றாவது கன்னம். பச்சைக்குள் சிவப்பு வளைந்து, முறுக்கிவிட்ட மீசை போல மேலே ஏறுகிறது. அதன் வடிவம் வளைந்த கத்தியை ஒத்திருப்பதால்தான் இந்த வேடத்துக்குக் கத்தி என்று பெயர். உயர்ந்த குணத்துக்குள் ஆணவம் புகுந்திருக்கிறது என்பதற்கு அது அடையாளம்.

நான்காவது மூக்கு நுனியிலும் நெற்றியிலும் உள்ள வெள்ளை உருண்டைகள். பச்சை வேடத்தில் இவை ஒருபோதும் இரா. தூரத்தில் இருப்பவருக்குக் கன்னத்துச் சிவப்பு தெரியாவிட்டாலும் மூக்கிலுள்ள இந்த வெள்ளைப் புள்ளி தெரிந்துவிடும்.

ஐந்தாவது அடையாளத்தைப் படத்தில் காண முடியாது, அரங்கிலேதான் காணலாம். கத்தி வேடம் நேரே நடந்து வருவதில்லை. இருவர் பிடித்திருக்கும் திரைக்குப் பின்னால் நின்று, திரையின் மேல்விளிம்பைத் தன் கையாலேயே மெல்ல மெல்லத் தாழ்த்தி, முன்னாலுள்ள பெரிய விளக்கின் ஒளியில் முகத்தைக் காட்டும். இதற்குத் திரைநோக்கு என்று பெயர். இடையிடையே உறுமல் போன்ற ஒலியும் எழுப்பும். பச்சை வேடம் வாயால் ஓர் ஒலியும் எழுப்பாது. ஆகவே ஒலி கேட்டாலே வந்திருப்பது பச்சை அல்ல என்று கண்ணை மூடிக்கொண்டும் சொல்லிவிடலாம்.

இந்த ஐந்தையும் சேர்த்துப் பார்த்தால் இது கத்தி என்பது உறுதியாகிவிடும். ஆனால் இது இராவணன்தான் என்று எப்படித் தெரியும்? துரியோதனனுக்கும் இதே கத்தி வேடம்தான். நரகாசுரனுக்கும் கீசகனுக்கும் அதுவே. இங்கே ஒரு உண்மையை ஒப்புக்கொள்ள வேண்டும். வேடம் ஒருவரின் குணத்தைச் சொல்லும்; பெயரைச் சொல்லாது. அன்று ஆடப்படும் கதை எது, அருகில் நிற்பவர் யார் என்பவையே பெயரைத் தரும். எங்கள் ஆசிரியையும் அந்தப் படம் எந்தக் கதையில் எடுக்கப்பட்டது என்பதை அறிந்திருந்ததால்தான் இராவணன் என்று சொன்னார்.

நிறம் ஏமாற்றும் இடங்கள்

"பச்சை நல்லது, சிவப்புக் கெட்டது" என்று பாடமாக்கிக்கொண்டு போனால் விரைவில் வழுக்கி விழுவோம். இரண்டு இடங்களைச் சொல்கிறேன்.

வாலிக்குச் சிவப்புத் தாடி. அவனுடைய தம்பி சுக்கிரீவனுக்கும் சிவப்புத் தாடிதான். சுக்கிரீவன் இராமனின் நண்பன், கெட்டவன் அல்லன். இங்கே சிவப்புத் தாடி பாவத்தைச் சொல்லவில்லை. அடக்கமுடியாத மூர்க்கத்தையும் பலத்தையும் சொல்கிறது.

மற்றது பூதனையின் கதை. குழந்தைக் கண்ணனுக்கு நஞ்சூட்டிக் கொல்ல வந்தவள் அவள். அரக்கி என்றால் கரி வேடம் அல்லவா வேண்டும்? ஆனால் பூதனாமோட்சத்தில் அவள் மினுக்கு வேடத்தில் அழகிய பெண்ணாக வருகிறாள். ஏனென்றால் கதையில் அவள் உருமாறித்தான் அந்த வீட்டுக்குள் நுழைகிறாள். வேடம் பொய் சொல்கிறது. பார்வையாளருக்கு அது தெரியும். அந்த வீட்டாருக்குத் தெரியாது. குழந்தையைக் கையில் எடுத்ததும் அவளுக்கு உள்ளே நடக்கும் போராட்டத்தை நடிகர் கண்ணாலேயே காட்ட வேண்டும். முகப்பூச்சு அங்கே உதவிக்கு வராது.

பூசுவதற்கு எத்தனை மணித்தியாலம்?

இந்த முகம் எப்படி உருவாகிறது என்பதையும் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ஆசெனிக்கு சேர்ந்த மஞ்சள் கனிமம் ஒன்றைக் கல்லில் அரைத்து, தேங்காயெண்ணெயில் குழைத்து, அதனோடு நீலத்தைக் கலந்தால் பச்சை வரும். நாம் வேடமிடுவதை 'அரிதாரம் பூசுதல்' என்கிறோம் அல்லவா? அந்த அரிதாரமும் இந்த இனத்தைச் சேர்ந்த மஞ்சள் கனிமமே. நம் கூத்தர்களும் முற்காலத்தில் அதைத்தான் அரைத்துப் பூசினார்கள். சொல் மட்டும் இன்றும் நம் வாயில் இருக்கிறது.

நடிகர் தன் முகத்தில் கோடுகளைத் தானே வரைந்துகொண்டு, பிறகு நிலத்தில் மல்லாந்து படுத்துவிடுவார். அப்போது இன்னொரு கலைஞர் அரிசிமாவும் சுண்ணாம்பும் சேர்த்த பசையைத் தாடையின் ஓரமாகப் படிப்படியாக வைத்து, வெட்டிய வெள்ளைக் காகிதத்தை அதில் ஒட்டுவார். இதற்குச் சுட்டி என்று பெயர். படத்துக்குச் சட்டம் போட்டதுபோல அது முகத்தை எடுத்துக் காட்டும். எல்லாம் முடிய மூன்று, நான்கு மணித்தியாலங்கள் செல்லும். பசை காய்வதற்குள் சிரித்தாலோ பேசினாலோ வெடித்துவிடும். மீண்டும் தொடங்க வேண்டியதுதான். கடைசியாக ஒரு செடியின் சிறு விதையைக் கண்ணிமைக்குள் வைப்பார்கள். கண் சிவந்துபோகும். பச்சை முகத்தில் சிவந்த கண்ணின் அசைவு பின்வரிசை வரைக்கும் தெரியும்.

அந்தப் பச்சை ஏன்?

இப்போது என் பழைய கேள்விக்கு வருகிறேன். இராவணனுக்கு ஏன் பச்சை?

இராவணோற்பவம் என்ற கதகளியில் ஒரு காட்சி இருக்கிறது. இராவணன் சிறு பிள்ளை. தாய் கைகேசியின் மடியில் உறங்குகிறான். அப்போது வானத்தில் குபேரன் விமானத்தில் செல்கிறான். அவனும் இதே தந்தைக்கு இன்னொரு தாயிடம் பிறந்தவன்தான். அவன் வாழ்வையும் தன் பிள்ளையின் நிலையையும் நினைத்துத் தாய் அழுகிறாள். அவளுடைய கண்ணீர் இராவணன்மேல் விழ, அவன் விழித்துக்கொள்கிறான். தாயின் கண்ணீரைத் துடைக்கவே அவன் கடுந்தவத்துக்குப் போகிறான். தன் தலைகளை ஒவ்வொன்றாக வெட்டித் தீயில் இடுகிறான். வரம் கிடைக்கிறது, அதனோடு ஆணவமும் வருகிறது.

இந்தக் காட்சியை அறிந்த பின் அந்த முகத்தைப் பார்த்தேன். பச்சை அந்தப் பிள்ளை. சிவப்புக் கத்தி அவன் பிறகு ஆன ஆள். அவனை முழுக் கொடியவனாக நினைத்திருந்தால் சிவப்புத் தாடியைக் கட்டிவிட்டிருப்பார்கள். அப்படிச் செய்யாமல், நல்லதையும் கெட்டதையும் ஒரே முகத்தில் பக்கம் பக்கமாக வைத்தார்கள்.

நம் நாட்டிலும் இதே இராவணனை ஒருவர் இப்படிப் பார்த்திருக்கிறார். பேராசிரியர் சு. வித்தியானந்தன் பேராதனைப் பல்கலைக்கழகத்தில் மட்டக்களப்பு வடமோடி மரபைக்கொண்டு 'இராவணேசன்' என்ற கூத்தைத் தயாரித்தார். சி. மௌனகுரு இராவணனாக ஆடினார். அதில் இராவணன் வெறும் வில்லன் அல்லன். தன் பிழையாலேயே விழுகின்ற ஒரு பெருவீரன். கேரளத்தில் கன்னத்தில் தீட்டிய சிவப்புக் கோடு சொன்ன செய்தியை இங்கே பாட்டும் ஆட்டமும் சொல்லின.

அன்று வீட்டுக்குப் போய் நடந்ததை உம்மம்மாவிடம் சொன்னேன். அவர் சிறுவயதில் வேலிக்கு அப்பால் நின்று கூத்துப் பார்த்தவர். "நாங்கள் முடியைப் பாத்துத்தான் ராசா வாறார் எண்டு சொல்லுவம். மூஞ்சையைப் பாத்ததில்லை, மகள். அவ்வளவு தூரத்தில எங்க தெரியும்!" என்றார்.

அடுத்த முறை கூத்தோ கதகளியோ பார்க்கக் கிடைத்தால், முதலில் தலை, பிறகு உடுப்பு, பிறகு முகம், கடைசியாக மூக்கு நுனி என்ற ஒழுங்கில் பாருங்கள். நான் மூக்கு வரைக்கும் போகாமலே விடை சொல்லி வகுப்பில் சிரிப்புக்கு ஆளானேன். ஆனாலும் அன்று நான் சொன்னது பாதிதான் பிழை. அந்த முகத்தில் பச்சை இருந்தது உண்மைதானே?